கத்தரிக்கு முன் ஒரு காப்புப் பின்னல்

மாதக் கணக்கில் கண்ணும் கையும் நோகப் பின்னி முடித்த கம்பளிச் சட்டை ஒன்றை மேசைமேல் விரித்து, அதன் மார்பின் நடுவே கூரிய கத்தரியை வைத்துக் கீழிருந்து மேல்வரை வெட்டிவிடுவது என்று சொன்னால், கேட்பவர் நம்மைச் சித்தம் கலங்கியவர் என்றே எண்ணுவர். பின்னலில் ஒரு கண் அறுந்தால் அடுத்தது அவிழும், அது அவிழ்ந்தால் அதன் கீழுள்ளது அவிழும் என்பது ஊசி பிடித்தறியாதவருக்கும் தெரிந்த செய்தி. ஆயினும் ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடல் நடுவிலுள்ள ஷெட்லாந்துத் தீவுகளில், பல நிறக் கம்பளிச் சட்டைகளை இவ்வாறு வெட்டித் திறப்பது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். வெட்டுவதற்கென்றே சேர்த்துப் பின்னப்படும் அந்தக் கண்களின் பட்டைக்கு ‘ஸ்டீக்’ என்று பெயர். மூடுதல், தைத்தல் என்ற பொருள்களைத் தரும் ஸ்காட்லாந்துச் சொல் அது. திறப்பதற்காக வைக்கும் இடத்துக்கு மூடுதல் என்று பெயரிட்டது வேடிக்கைதான். இவ்வேலையை எங்கள் அடுகோடி வீட்டில் சென்ற மார்கழியில் செய்து பார்த்தோம். அதன் விவரத்தை இப்பக்கத்தைப் படிக்கும் குடும்பத்தாருக்குச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறோம்.

நாங்கள் என்று இங்கே சொல்வது ஒரே வீட்டிற்கு வந்த மருமக்கள் இருவரை. எங்கள் மாமா தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சில ஆண்டுகளாக அவருடைய வலத்தோள் இறுகிப்போய், கையைத் தலைக்குமேல் தூக்க இயலாத நிலை. பெங்களூரில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலைக் குளிர் 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்த வேளையில்தான் அவர் வாசல் திண்ணையில் நாளிதழுடன் அமர்வார். தலைவழியே மாட்டும் ஸ்வெட்டர் அவருக்கு உதவாது. போர்வையோ நாளிதழைப் புரட்டும்போதெல்லாம் நழுவி விழும். முன்புறம் திறந்து பொத்தான் போடும் கார்டிகன் ஒன்றே ஏற்றது. அபர்தீனில் குடியிருக்கும் எங்கள் நாத்தனார் இதை அறிந்து, ஷெட்லாந்துக் கம்பளி நூலில் 25 கிராம் உருண்டைகள் இருபது வாங்கி, விடுமுறைக்கு வந்தபோது பெட்டியில் கொண்டுவந்து சேர்த்தார். இரட்டைப் புரி நூல். ஓர் உருண்டைக்கு 115 மீட்டர் நீளம். கருநீலமும் சாம்பலும் தரைக்கு; அரக்கும் மஞ்சளும் வெண்மையும் பூவேலைக்கு.

பின்னியவர் எங்கள் அத்தை. ஏழு மாத காலம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே உட்கார்ந்து உடற்பகுதி முழுவதையும் முடித்தார். முடிந்த வேளையில் இரு கண்களிலும் புரை முற்றி, கருநீலத்தில் கண் எடுப்பது அவருக்கு ஆகாத காரியமாகிவிட்டது. மிஞ்சிய நூலோ கைகளுக்கும் பொத்தான் பட்டைக்கும் மட்டும் போதுமானது. வெட்டும் பொறுப்பை எங்கள் கையில் கொடுத்தபோது அவர் சொன்னது இதுதான்: “பார்த்துப் பார்த்துப் போட்ட கண்கள் அம்மா. ஓடிப்போனால் என்னால் இனி எடுத்துப் போட முடியாது.” இதற்குமேல் எங்களுக்கு எச்சரிக்கை தேவைப்படவில்லை.

முதலில், வெட்டும்படியாக ஏன் பின்ன வேண்டும் என்ற கேள்வி எழும். தொடக்கத்திலேயே முன்புறம் திறந்த சட்டையாகப் பின்னினால் என்ன? ஷெட்லாந்துக்கும் ஆர்க்னிக்கும் இடையிலுள்ள ஃபேர் ஐல் என்ற சிறு தீவின் பெயரால் இப்பூவேலை வழங்குகிறது. பிற்காலத்தில் எட்டாம் எட்வர்டு ஆன இளவரசர் 1922-இல் இத்தகைய ஸ்வெட்டரை அணிந்து கோல்ப் ஆட வந்தபின் இது உலகெங்கும் பரவிற்று. இதில் ஒரு வரிசைக்கு இரண்டே நிறம். ஒரு நிறம் கண்ணாக முன்னே வரும்போது மற்றது பின்புறம் நூலாக ஓடும். எப்போதும் முகப்புப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு குழாய்போல் சுற்றிச் சுற்றிப் பின்னினால் பூவின் உருவம் கண்முன் வளர்ந்து வரும். தவறினால் உடனே தெரியும். திறந்த சட்டையாகப் பின்னினாலோ ஒன்றுவிட்டு ஒரு வரிசையைப் பின்பக்கத்திலிருந்து, ஓடும் நூல்களுக்கு நடுவே, பூவைப் பாராமல் போடவேண்டும். இழுப்பும் வரிசைக்கு வரிசை மாறும். ஆகவே முழுதும் குழாயாகப் பின்னிப் பிறகு வெட்டித் திறப்பதே எளிது என்று அத்தீவினர் கண்டனர்.

அத்தை அமைத்த கணக்கு இது. அவர் கை இழுப்பில் 3.25 மில்லிமீட்டர் ஊசியில் 10 சென்டிமீட்டருக்கு 28 கண்களும் 30 வரிசைகளும் வந்தன. மாமாவின் சட்டைக்கு வேண்டிய சுற்றளவு 100 சென்டிமீட்டர். அதில் பொத்தான் பட்டைக்கு 3 சென்டிமீட்டர் போக மீதி 97. பூவேலையின் ஒரு அலகு 16 கண்கள். பதினேழு அலகுகளுக்கு 272 கண்கள். அத்துடன், நடுத்திறப்பின் இரு பக்கமும் பூ ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல் அமையும் பொருட்டு ஒரு கண் கூட்டி 273. இவற்றுக்கு அப்பால், மார்பின் நடுவே வெட்டுவதற்கென்று ஐந்து கண்கள். ஆக, ஊசியில் மொத்தம் 278.

இந்த ஐந்து கண்களே ஸ்டீக். இவை பூவேலையில் சேர்ந்தவை அல்ல. ஒவ்வொரு சுற்றிலும் தரை நிறம், பூ நிறம், தரை நிறம், பூ நிறம், தரை நிறம் என்று மாறி மாறிப் போடப்பட்டு, கீழிருந்து மேலே ஐந்து நெடுங்கோடுகளாக எழுந்து நின்றன. நிறங்களை இவ்வாறு மாற்றுவது அழகுக்கன்று. இரண்டு நூல்களும் அங்கே அடிக்கடி முன்னும் பின்னும் மாறுவதால் பின்புறம் நீண்ட நூல் தொங்காமல் இறுக்கமாக நிற்கும். பின்னர் குரோஷா போடும்போது எந்தக் கண் எது என்பதும் ஐயமின்றித் தெரியும். சுற்று தொடங்கும் இடமும் இந்த ஐந்துக்குள்ளேயே இருந்தது. ஆதலால் நிறம் மாற்றும் முனைகள் யாவும் அங்கேயே சேர்ந்தன. கழுத்துக்கு மாமா விரும்பியபடி முக்கோணத் திறப்பு. அதற்கான குறைப்புகளை ஸ்டீக்கின் இரு பக்கத்துப் பூவேலைக் கண்களில் மட்டும் செய்து, ஐந்து கண்களையும் தோள்வரை வளையாமல் நேராகவே கொண்டுபோனார் அத்தை. இது முக்கியம். குரோஷாக் காப்பு ஒரே கண் வரிசையைப் பற்றிக்கொண்டு நேராக ஏறவேண்டியது. சரிவான கோட்டில் வெட்ட நேர்ந்தால் அது பயன்படாது.

கத்தரியை எடுக்குமுன் மாதிரித் துண்டுகளில் சோதித்துப் பார்த்தோம். குழாயாகப் பின்னிய கையகலத் துண்டுகள் நான்கு. இரண்டு ஷெட்லாந்துக் கம்பளியில். இரண்டு எங்கள் பகுதிக் கடைகளில் எளிதில் கிடைக்கும் அக்ரிலிக் நூலில். ஒவ்வொரு வகையிலும் ஒன்றைக் காப்பின்றியும் ஒன்றைக் குரோஷாக் காப்புடனும் வெட்டினோம். காப்பில்லாத அக்ரிலிக் துண்டு கையில் எடுத்த மாத்திரத்தில் ஓரம் பிரிந்து, பக்கவாட்டில் இழுக்க இழுக்கக் கண்கள் ஒவ்வொன்றாக நழுவின. காப்பிட்ட அக்ரிலிக் துண்டு முதலில் நின்றது. ஓரத்தைப் பற்றிப் பலமுறை இழுத்தபோது வெட்டிய நுனிகள் குரோஷாவின் பிடியிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளிவந்தன. காப்பில்லாத கம்பளித் துண்டு பிரியவில்லை. ஆயினும் ஓரம் பஞ்சுபோல் கிளம்பிற்று. காப்பிட்ட கம்பளி மட்டும் எவ்வளவு இழுத்தும் அசையவில்லை.

இதன் காரணம் நூலின் மேற்புறத்தில் இருக்கிறது. ஆட்டு மயிரின்மேல் மிக நுண்ணிய செதில்கள் உண்டு. அவை ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். ஷெட்லாந்து நூல் இத்தகைய பற்றுதல் மிகுந்தது. அதனால்தான் அத்தீவினர் பலர் காப்பு ஏதுமின்றியே வெட்டுவது வழக்கம். பருத்தி, பட்டு, அக்ரிலிக் ஆகியவற்றுக்கு இச்செதில்கள் இல்லை. இயந்திரத்தில் துவைப்பதற்கென்று செதில்களை மழுக்கிப் பதப்படுத்திய கம்பளியும் இவற்றைப் போலவே வழுக்கும். அத்தகைய நூல்களுக்குக் குரோஷா போதாது. தையல் இயந்திரத்தில் நெருக்கமாக இரண்டு ஓட்டம் தைத்த பிறகே வெட்டலாம். ஆகவே இம்முறையைக் கையாள நினைப்பவர் முதலில் தங்கள் நூல் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாவிட்டால், எங்களைப் போல் ஒரு துண்டைப் பின்னி வெட்டி இழுத்துப் பார்ப்பதே தக்க பரீட்சை.

அடுத்தது நீராட்டு. முழுச் சட்டையையும் வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, முறுக்காமல் துவாலையில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்து, நிழலில் தட்டையாகப் பரப்பி அளவுக்கு இழுத்து உலர்த்தினோம். மார்கழிக் காற்றில் இரண்டு நாள் பிடித்தது. நனைந்து உலர்ந்த கம்பளியில் கண்கள் ஒன்றோடொன்று படிந்து நிலைபெறுகின்றன. ஐந்து கோடுகளும் நேராக நிற்கின்றன. ஊசியிலிருந்து இறக்கிய சூட்டோடு வெட்டினால் கண்களுக்கு இந்தப் படிமானம் இராது.

இனிக் குரோஷா. வெட்டு விழ வேண்டிய இடம் ஐந்தில் நடுவான மூன்றாம் கண்ணின் நெஞ்சு. பின்னலின் ஒவ்வொரு கண்ணும் முகப்பில் இரு கால்கள் கொண்டது என்பதைப் பின்னுபவர் அறிவர். மூன்றாம் கண்ணின் இரு கால்களுக்கும் இடையே வெட்டினால், ஒரு கால் இடப்பக்கமும் மறு கால் வலப்பக்கமும் பிரிந்து போகும். பிரிந்து போகும் அந்த ஒற்றைக் காலை அடுத்த முழுக் கண்ணோடு சேர்த்துக் கட்டுவதே காப்பின் வேலை. அதாவது வலப்பக்கத்தில் மூன்றாம் கண்ணின் வலக்காலும் நான்காம் கண்ணின் இடக்காலும் சேர்ந்து ஒரு கட்டு. இடப்பக்கத்தில் மூன்றாம் கண்ணின் இடக்காலும் இரண்டாம் கண்ணின் வலக்காலும் சேர்ந்து ஒரு கட்டு. தரை நிறக் கால் ஒன்றும் பூ நிறக் கால் ஒன்றுமாக ஒவ்வொரு கட்டிலும் இரு நிறமும் அகப்படும். ஒரே நிறமாக இரு கால்களும் தெரிந்தால் கொக்கி இடம் மாறிவிட்டது என்று உணரலாம்.

நாங்கள் எடுத்தது 2.5 மில்லிமீட்டர் குரோஷா ஊசி. பின்னிய ஊசியைவிட மெல்லியது. நூல் மிச்சமிருந்த மஞ்சள் கம்பளி. கருநீலத்தின்மேல் அது பளிச்சென்று தெரிந்தபடியால் கத்தரிக்கும்போதும் நல்ல அடையாளமாக உதவிற்று. சட்டையின் அடி விளிம்பு எங்கள் வலக்கைப் பக்கமும் கழுத்து இடக்கைப் பக்கமும் இருக்குமாறு படுக்கப் போட்டுக்கொண்டோம். முதலில் வலப்புற வரிசை, கீழிருந்து மேலாக. மேற்சொன்ன இரு கால்களின் அடியில் மட்டும் கொக்கியை நுழைத்து, நூலை வாங்கி இரண்டின் வழியாகவும் இழுத்தால் ஊசியில் இரண்டு வளையம் நிற்கும். மீண்டும் நூலை வாங்கி இரண்டு வளையங்களின் வழியாகவும் இழுத்தால் ஒரு கட்டு முடிந்தது. அடுத்த வரிசைக்குப் போய் அவ்வாறே. கொக்கி பின்புற நூல்களைத் துழாவ வேண்டியதில்லை. ஒரு வரிசையையும் விடலாகாது. விட்ட வரிசையின் அரைக் கண்ணுக்குப் பிடிப்பே இராது.

அடி முதல் தோள் வரை 62 சென்டிமீட்டர், 186 வரிசை. ஆகவே ஒரு பக்கத்துக்கு 186 கட்டுகள். இருபது கட்டுகளுக்கு ஒரு முறை நிறுத்தி, எண்ணிக்கையை வரிசையோடு ஒப்பிட்டு, துணியைத் தட்டையாக வைத்துப் பார்த்தோம். குரோஷாச் சங்கிலி இறுக்கமானால் விளிம்பு சுருங்கி மேலேறும். அப்போது சற்றுப் பருத்த ஊசி வேண்டும். தளர்ந்தால் விளிம்பு அலையலையாகத் தொங்கும். அப்போது மெல்லிய ஊசி வேண்டும். சட்டை கிடந்தபடியே அசையாமல் கிடந்தால் சரியான இழுப்பு. இதை வெட்டியபின் திருத்த இயலாது. எங்களில் ஒருத்தி கொக்கி போட மற்றொருத்தி எண்ணினாள். இருவர் கை இழுப்பும் ஒன்றல்ல என்பதால் இரண்டு பக்கங்களையும் ஒரே கைதான் போட்டது.

வலப்புறம் தோளை எட்டியதும் நூலை முடித்து, சட்டையைத் தலைகீழாகத் திருப்பி, இடப்புற வரிசையைக் கழுத்திலிருந்து அடிவரை இறக்கினோம். இவ்வாறு எதிரெதிர்த் திசையில் போடுவதால் இரண்டு சங்கிலிகளும் நடுவை விட்டு விலகி, ஒன்று வலமும் மற்றது இடமுமாகச் சாய்கின்றன. இரண்டாவது சங்கிலி முடிந்தபோது நாங்கள் கண்டது வியப்பாக இருந்தது. இரு மஞ்சள் சங்கிலிகளும் விலகி மடிய, அவற்றின் நடுவே மூன்றாம் கண்ணின் உட்பகுதி தானாகவே விரிந்து, குறுக்குக் கம்புகள் கொண்ட ஏணிபோல் காட்சியளித்தது. வெட்ட வேண்டியது அந்தக் கம்புகளை மட்டுமே. ஒவ்வொரு படியிலும் இரண்டு இழைகள்: ஒன்று கண்ணுக்கே உரியது; மற்றது அதன் பின்னே ஓடும் வேற்று நிற நூல்.

இந்த நேரத்தில் மாமா வந்து எட்டிப் பார்த்தார். “தகட்டை அறுக்குமுன் வைஸில் இறுக்குவோம். நீங்கள் இரண்டு பக்கமும் இறுக்கிவிட்டீர்களா?” என்று கேட்டார். மஞ்சள் சங்கிலிகளைக் காட்டினோம். விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, தம் பழைய பெட்டியிலிருந்து அகன்ற எஃகு அளவுகோல் ஒன்றைக் கொண்டுவந்து, குழாய்க்குள் முன்புறத்துக்கும் முதுகுப்புறத்துக்கும் நடுவே செருகினார். கத்தரியின் கீழ் முனை முதுகைத் தொடாமல் இருக்க அதைவிட நல்ல காவல் இல்லை. அளவுகோல் இல்லாதவர் கெட்டியான அட்டையைப் பயன்படுத்தலாம்.

கத்தரி சிறியதும் முனை கூரியதுமாக இருக்கவேண்டும். பூத்தையலுக்கு வைத்திருப்பது போதும். மொக்கைக் கத்தரி இழையை அறுக்காமல் மென்று இழுக்கும். காலை பத்து மணி வெளிச்சத்தில், அத்தை பக்கத்தில் அமர்ந்திருக்க, அடி விளிம்பிலிருந்து தொடங்கினோம். ஒரு வெட்டுக்கு மூன்று நான்கு படிகள், அதற்குமேல் இல்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் முன் இரண்டு சங்கிலிகளையும் கட்டை விரல்களால் விலக்கி, கத்தரியின் அலகுகளுக்கு நடுவே மஞ்சள் நூல் அகப்படவில்லை என்று உறுதி செய்துகொண்டோம். சங்கிலியின் நூல் ஒன்று அறுபட்டால் காப்பு அந்த இடத்தில் தளர்ந்துவிடும். வெட்ட வெட்ட, இரு ஓரங்களும் உட்பக்கமாகத் தாமே சுருண்டன. அத்தை கையை நீட்டித் தடவி, “ஓடவில்லையே” என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். முழுவதும் வெட்டி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

ஓரிடத்தில் மட்டும் கவனம் தேவைப்பட்டது. மார்புப் பூவில் அரக்கு முடிந்து வெண்மை தொடங்கிய வரிசையில், பழைய நூலின் முனை மிகக் குட்டையாக நின்றிருந்தது. வெட்டியதும் அந்த வரிசையின் அரைக் கண் சங்கிலிக்குள்ளிருந்து சிறிது வெளியே வந்து, மற்ற நுனிகளைவிட நீண்டு தெரிந்தது. இதுவே அபாயத்தின் அடையாளம்: ஓரத்து நுனிகள் யாவும் ஒரே அளவில் இருக்கையில் ஒன்று மட்டும் நீண்டு நின்றால் அது நழுவத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே இழுக்காமல், அதே கம்பளி நூலை ஊசியில் கோத்து, அந்த அரைக் கண்ணையும் சங்கிலியையும் அடுத்த முழுக் கண்ணையும் சேர்த்து நான்கு முறை சுற்றித் தைத்தோம். அதன்பின் அசையவில்லை. நிறம் மாறும் வரிசைகளைக் குரோஷா போடுமுன்பே இவ்வாறு ஒரு தையல் தைத்து வைப்பது நல்லது என்பது இதனால் விளங்கியது.

வெட்டிய ஓரத்தைப் பொத்தான் பட்டைதான் மறைக்க வேண்டும். பட்டைக்கான கண்களை எடுக்கும் இடம் ஸ்டீக்கின் கடைசிக் கண்ணுக்கும் பூவேலையின் முதல் கண்ணுக்கும் இடையிலுள்ள கோடு. அங்கே கண்களை எடுத்தால் ஸ்டீக்கின் மிச்சமான இரண்டரைக் கண்கள், ஒரு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைந்த அகலத்தில், தாமே உட்புறம் மடிந்துகொள்ளும். எத்தனை கண்கள் எடுப்பது என்பதில் ஊகம் உதவாது. பட்டைக்கு உரிய ரிப் பின்னலில் ஒரு துண்டு போட்டு அளந்தோம். 10 சென்டிமீட்டருக்கு 24 கண்கள் வந்தன. 62 சென்டிமீட்டருக்கு 149. வரிசைகளோ 186. ஆகவே ஐந்து வரிசைக்கு நான்கு கண்கள் என்ற விகிதத்தில் எடுத்தோம். வரிசைக்கு ஒன்றாக எடுத்தால் பட்டை நீண்டு நெளியும். மிகக் குறைவாக எடுத்தால் சட்டையின் முன்புறம் மேலே இழுபடும். ஒரு முன்புறத்தில் 149, பின்கழுத்தில் உள்ளவை, மறு முன்புறத்தில் 149 என்று ஒரே நீளப் பட்டையாகப் பின்னினோம். ஆண்கள் சட்டை வழக்கப்படி பொத்தான் துளைகள் இடப்பக்கம். முக்கோணத் திறப்புக்குக் கீழே ஐந்து துளைகள், பொத்தான்கள் பெரியவை. இறுகிய தோளுடையவர் சிறு பொத்தானோடு போராடக்கூடாது.

பட்டை முடிந்தபின் உட்புறம் மடிந்த ஓரத்தை, பின்னே ஓடும் நூல்களை மட்டும் ஊசியால் எடுத்து, முகப்பில் தெரியாதவாறு தளர்வாகத் தைத்தோம். முகப்புக் கண்ணையே குத்தினால் வெளியே குழி விழும். மஞ்சள் சங்கிலி உள்ளே ஒரு மெல்லிய கரைபோல் நின்றது. அதை நாடா வைத்து மூட வேண்டுமா என்று கேட்டதற்கு, அப்படியே இருக்கட்டும் என்றார் அத்தை. நாளடைவில் அணிந்தும் துவைத்தும் வரும்போது அறுபட்ட நுனிகள் கம்பளியின் இயல்பால் தம்முள் பின்னிக்கொண்டு, காப்பின் உதவியே தேவைப்படாத அளவுக்கு இறுகும் என்பது இத்துறையில் பழகியவர்கள் கண்டது. கை வளைவுகளிலும் அத்தை ஐந்தைந்து கண்கள் வைத்திருந்தார். அவற்றையும் இதே முறையில் காத்து வெட்டி, கைகளைத் தோளிலிருந்து மணிக்கட்டுவரை பின்னி இறக்கினோம். அவற்றில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வலக்கையை மட்டும் மாமாவின் வசதிக்காக இரண்டு சென்டிமீட்டர் அகலமாக வைத்தோம்.

துவைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இச்சட்டையை இயந்திரத்தில் போடலாகாது. கம்பளிக்குரிய மென்மையான சோப்பு நீரில் அமிழ்த்தி எடுத்து, தொங்கவிடாமல் பரப்பி உலர்த்த வேண்டும். முதல் இரண்டு முறை துவைத்தபின் பட்டையின் உட்புறத்தை விரலால் தடவி, நீண்டு நிற்கும் நுனி ஏதேனும் உண்டா என்று பார்த்துக்கொள்ளுதல் போதும். நாங்கள் பார்த்தவரை ஒன்றும் இல்லை.

பொங்கலுக்கு முந்தின வாரம் சட்டை மாமாவின் கைக்கு வந்தது. முதலில் இறுகிய வலக்கையைத் தாழ்ந்தபடியே நுழைத்து, பின் முதுகைச் சுற்றி வரவழைத்து, இடக்கையை அவராகவே போட்டுக்கொண்டார். தோளை ஓர் அங்குலமும் உயர்த்த வேண்டியிருக்கவில்லை. ஐந்து பொத்தான்களையும் போட்டு முடித்து, நடுப்பட்டையை இருபுறமும் பிடித்து ஃபிட்டருக்கு உரிய ஐயத்தோடு ஒருமுறை பலமாக இழுத்துப் பார்த்தார். பிறகு நாளிதழை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். கண் அறுவை முடிந்து கட்டுப் பிரித்த அன்று அத்தை முதலில் கேட்டு வாங்கிப் பார்த்தது அந்தச் சட்டையின் உட்புறத்தைத்தான். நூற்றெண்பத்தாறு கட்டுகளையும் அவர் ஒன்றுவிடாமல் எண்ணினார்.